கரண்ட் இல்லாத காப்பிக் களத்தில் முடிக்கொத்து நோய்: துணியில் ஒரு ஃபிளிப் சார்ட் செய்த அனுபவம்

கீழ்ப்பழனி மலையில் வாழை போட்டிருக்கும் யாருக்கும் முடிக்கொத்து நோயைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விருப்பாச்சி வாழை இந்த மலையில் ஒரு காலத்தில் எவ்வளவு இருந்தது, இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பெரியவர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். குருத்திலைகள் குட்டையாகி, நிமிர்ந்து, ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு கொத்தாக நிற்கும் மரத்தைப் பார்த்தால் ‘இது போச்சு’ என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அந்த நிலைக்கு வரும் முன்பே அந்த மரத்திலிருந்து அசுவினிப் பூச்சி பக்கத்துத் தோட்டத்துக்கு நோயைக் கொண்டுபோயிருக்கும். அதன் பக்கக்கன்றைப் பெயர்த்து, நல்ல கன்று என்று நம்பி, வேறு ஊருக்கும் கொடுத்திருப்பார்கள். ஆகவே சொல்லித்தர வேண்டியது கொத்து அல்ல, அதற்கு முந்தைய அறிகுறி. நோய் தொற்றிய பிறகு விரியும் புதிய இலைகளில், நடு நரம்பை ஒட்டிய சிறு நரம்புகளின் மேல், கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக ஒரு வரி விழும். அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள, பச்சையின் மேல் பச்சையாக விழும் கோட்டை, நாற்பது பேர் உட்காரும் திறந்த களத்தில், புரொஜெக்டரும் மைக்கும் இல்லாமல் எப்படிக் காட்டுவது என்பதுதான் என் முன்னால் இருந்த வேலை. தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக் களத்தில், கன்று நடும் பருவத்துக்கு முன்னால், சித்திரையில் கூட்டம். காப்பி காய வைக்கும் வேலை முடிந்து களம் காலியாக இருந்தது. அங்கே கரண்ட் கிடையாது. இருந்திருந்தாலும் பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் வெளுத்துப்போய்த்தான் தெரியும். அதனால் ஏழு துணித் தாள்களில் படம் வரைந்து, ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

கடைசி வரிசையிலிருந்து கணக்கு

படம் வரைய உட்காரும் முன் களத்தில் போய் அடியளந்து பார்த்தேன். நாற்பது பேர் அரைவட்டமாக, நான்கு வரிசையில் உட்கார்ந்தால் கடைசி ஆள் படத்திலிருந்து சுமார் 8 மீட்டர் தூரத்தில் இருப்பார். மற்ற அளவெல்லாம் இந்த எட்டு மீட்டரிலிருந்துதான் வந்தது.

நல்ல கண் பிரித்தறியக்கூடிய மிகச்சிறிய இடைவெளி ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. கண் மருத்துவமனையில் எழுத்து வரிசைப் பலகை வைத்திருப்பதும் இந்தக் கணக்கில்தான். எட்டு மீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய 2.3 மில்லிமீட்டர். அதாவது, கண்ணாடி தேவைப்படாத இளவட்டத்துக்குத் தெளிவான பகலில் 2.3 மி.மீ. கோடு மட்டுமட்டாகத் தெரியும். நம் கூட்டத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். மதியத்துக்கு மேல் மஞ்சு ஏறினால் கறுப்பும் சாம்பலாகிவிடும். அதனால் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேலாக, 8 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன். இந்தப் படங்களில் அதைவிட மெல்லிய கோட்டுக்கு வேலையில்லை. அரை அங்குலத் தட்டைப் பிரஷை லேசாகச் சாய்த்துப் பிடித்தால் அந்த அகலம் தானாகவே வரும்.

எழுத்துக்கும் இதே கணக்கு. எட்டு மீட்டருக்குக் கண் மருத்துவமனைப் பலகை எழுத்து 12 மி.மீ. உயரம் இருந்தால் போதும், ஆனால் அது ஆங்கில எழுத்துக்கான அளவு. நம் எழுத்தில் சுழி அதிகம். ‘ண’வும் ‘ன’வும் தூரத்தில் ஒன்றாகிவிடும், மெய்யெழுத்தின் மேல் புள்ளி முதலில் காணாமல்போகும். ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்து எழுதவில்லை. அந்த அளவில் ஒரு தாளில் நான்கைந்து சொல்லுக்கு மேல் இடமிருக்காது. இருக்கவும் வேண்டாம். சொல்ல வேண்டியதை வாய் சொல்லும், துணி காட்டினால் போதும்.

பத்து மடங்கு, எல்லாவற்றுக்கும்

கோடு 8 மி.மீ. என்று முடிவானதும் படத்தின் அளவும் முடிவாகிவிட்டது. நிஜத்தில் முக்கால் மில்லிமீட்டர் போலிருக்கும் வரி 8 மி.மீ. ஆக வேண்டுமானால் பத்து மடங்கு பெரிதாக்க வேண்டும். முழு இலையைப் பத்து மடங்காக்க முடியாது, வாழையிலையே ஆளுயரம் இருக்கும். என் துணியின் அளவு 90 சென்டிமீட்டருக்கு 120. பத்து மடங்கில் இதில் அடங்குவது நிஜ இலையின் 9 சென்டிமீட்டருக்கு 12, ஏறக்குறைய உள்ளங்கையளவு இலை. அறிகுறியைப் பார்க்க அந்த உள்ளங்கையளவே போதும்.

ஆனால் இப்படிக் கிட்டப் போய் வரைந்த படத்தில் ஓர் ஆபத்து உண்டு. அது இலையின் எந்தப் பகுதி என்று பார்ப்பவருக்குப் புரியாது. பூச்சி விளக்கப் படங்களில் இந்தக் கோளாறை நிறையப் பார்த்திருக்கிறேன். அசுவினியைப் பூனைக்குட்டி அளவுக்கு வரைந்து மாட்டியிருப்பார்கள். கால், உணர்கொம்பு எல்லாம் துல்லியமாக இருக்கும். பார்க்கிறவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, ‘இம்புட்டுப் பெரிய பூச்சி நம்ம தோட்டத்துல கிடையாதுப்பா’ என்று போய்விடுவார். பெரிதாக்கிக் காட்டுவது படித்தவர்களின் பழக்கம். அதைப் படமே விளக்க வேண்டும்.

அதற்கு நான் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது தாளில் முழு இலை, அதை ஒரு கை பிடித்துத் தூக்குகிறது, கட்டைவிரல் நடு நரம்பின் மேல் இருக்கிறது. நான்காவது தாளில் அதே இடம் பத்து மடங்காக: நடு நரம்பு கீழே தடித்து ஓட, இடது ஓரத்தில் அதே கட்டைவிரல் 20 சென்டிமீட்டர் அகலத்தில், நகத்தோடு. விரல் இருப்பதால் ‘நம்ம இலையைக் கிட்டப் போய் பார்க்கிறோம்’ என்று எல்லாருக்கும் புரிகிறது. வரைந்த படத்தை முன்கூட்டியே சிலரிடம் காட்டியபோது, கேட்காமலே தங்கள் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தார்கள்.

அசுவினியும் அதே பத்து மடங்கில்தான். நிஜத்தில் ஒன்றரை மில்லிமீட்டர், தாளில் ஒன்றரை சென்டிமீட்டர். கால் கை எதுவும் வரையவில்லை. கரும்பழுப்புப் புள்ளிகளாகக் கும்பலாக, பக்கத்தில் மூன்று சென்டிமீட்டர் எறும்பு சில, ஓரத்தில் மறுபடி அதே விரல். கடைசி வரிசைக்கு அது வெறும் புள்ளிக் கூட்டமாகத்தான் தெரியும். தோட்டத்திலும் அப்படித்தானே தெரியும். எறும்பு ஏறி இறங்குவதைப் பார்த்தால் மட்டையை விலக்கிப் பார், மண்ணை ஒட்டிய அடிப்பகுதியிலும் குருத்துக்குள்ளும் பார் என்பதுதான் அந்தத் தாளின் பாடம். பூச்சியின் உடலமைப்பு யாருக்கும் தேவைப்படவில்லை.

துணியும் சாயமும்

சார்ட் பேப்பரை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். மலையில் காலை எட்டு மணிக்குள் பேப்பர் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும், ஒரு தூறலில் ஸ்கெட்ச் பேனா மை வழிந்துவிடும். வெள்ளை பேப்பர் நேர் வெயிலில் கண்ணைக் கூசும் என்பது தனிக் குறை. லேமினேட் செய்தால் பளபளப்பில் வானம்தான் தெரியும், படம் தெரியாது.

வெளுக்காத காடாத் துணி இதற்கு மிகப் பொருத்தம். அதன் பழுப்புநிறம் வெயிலில் கூசாது, அதன் மேல் கறுப்பு அழுத்தமாக நிற்கும். ஆனால் அப்படியே வரைந்தால் சாயம் நூலோடு ஓடி விளிம்பு கலங்கிவிடும். மைதாவைத் தண்ணீரில் கரைத்து, இட்லி மாவைவிட நீர்க்க, கட்டியில்லாமல் காய்ச்சி ஆறவிட்டேன். துணியைப் பலகையில் இழுத்துக் குத்தி, பசையை ஸ்பாஞ்சால் ஒரே திசையில் தேய்த்துக் காயவிட்டால் பேப்பர் மாதிரி விறைப்பாகிவிடும். பென்சிலில் கட்டம் போட்டு, சிறு தாளில் வரைந்ததைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கினேன். பிறகு துணிச்சாயம். போஸ்டர் கலர் இங்கே உதவாது, தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். சாயம் நன்றாகக் காய்ந்ததும் துணியைத் திருப்பிப்போட்டு, பின்பக்கமாகச் சூடான இஸ்திரி தேய்த்தால் அது நூலோடு இறுகிவிடும்.

இறுகிய பிறகு ஒரு வேலை உண்டு, பலரும் விட்டுவிடுவது. துணியைப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்து மைதாப் பசையை முழுக்க அலசி எடுத்துவிட வேண்டும். பசையோடு சுருட்டி வைத்தால் இந்த ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும், கரப்பான் தின்னும். அலசிய துணி தொளதொளவென்று விழும், அதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். சுருட்டும்போது சாயம் பூசிய பக்கம் வெளியே இருக்க வேண்டும், உள்ளே வைத்துச் சுருட்டினால் சாயம் நெரிந்து வெடிக்கும். நாலு அங்குல பிவிசி குழாய்க்குள் ஏழு துணியும் அடங்கிவிட்டது. பஸ்ஸில் மேலே போட்டுக் கொண்டுபோகலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் வெளியிடத்தில் எழுத்துக்கோ கோட்டுக்கோ உதவாது, பழுப்புத் துணியோடு கரைந்துவிடும். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சில ஆண்களுக்கு வித்தியாசமே தெரியாது, ஏனெனில் சிவப்பு–பச்சை நிறக்குருடு ஆண்களிடையே அபூர்வமானதல்ல. நோய் பரவிய பகுதியைச் சிவப்பாகக் காட்டிய தாளில், சிவப்புப் பூசிய இடமெல்லாம் சாய்கோடும் போட்டேன். நிறம் தெரியாதவருக்குக் கோடு தெரியும்.

மண்ணுக்கு அடியில் இருப்பதை வரைவது

நோய் வந்த மரத்தின் பக்கக்கன்று எதையும் நடக்கூடாது, ஏனென்றால் தாய் மரமும் கன்றுகளும் கீழே ஒரே கிழங்குக் குடும்பம், நச்சுயிரி உள்ளே ஊடுருவி எல்லாவற்றுக்கும் போய்விடும். கன்று இன்று பச்சைப்பசேலென்று இருந்தாலும் நோய் அதற்குள் இருக்கலாம். கூட்டத்தின் மிக முக்கியமான செய்தி இது. இதைக் காட்ட மண்ணை வெட்டிய குறுக்குவெட்டுப் படமாக வரைந்தேன்: மேலே மரம், கன்றுகள், நடுவில் ஒரு தரைக்கோடு, கீழே பழுப்புப் பின்னணியில் கிழங்கு.

வரைந்ததை, எதுவும் சொல்லாமல், பக்கத்து வீட்டு அப்பத்தாவிடம் காட்டி, “இதுல என்னத்தா தெரியுது?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “வாழை தண்ணிக்குள்ள நிக்குது. கலங்கத் தண்ணி. வெள்ளமாப்பா?” என்றார். அவர் வாழ்நாளெல்லாம் வாழைக் கிழங்கு பெயர்த்தவர். குறுக்குவெட்டு என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் இருக்கும் காட்சி. மண்ணைக் கத்தியால் வெட்டி ஓரத்திலிருந்து பார்த்தவர் யாரும் இல்லை.

அதனால் அந்தத் தாளை வேறு மாதிரி போட்டேன். மண்வெட்டியால் தோண்டிப் பெயர்த்த முழுக் கிழங்கும் தரைக்கு மேல் கிடக்கிறது, தாய் மரமும் மூன்று கன்றும் அதில் ஒட்டியபடியே சாய்ந்திருக்கின்றன, வேரில் மண் தொங்குகிறது, பக்கத்தில் மண்வெட்டி. இது எல்லாரும் தினம் பார்க்கும் காட்சி. தாய் மரத்தின் அடியில் தொடங்கிய சிவப்புச் சாய்கோடுகள் கிழங்கு வழியாக மூன்று கன்றுக்குள்ளும் ஏறுகின்றன. அதே அப்பத்தா இதைப் பார்த்ததும், “எல்லாம் ஒரே ரத்தம்” என்றார். கூட்டத்தில் அந்தத் தாளுக்கு நான் பயன்படுத்திய சொல்லும் அதுதான்.

அம்புக்குறியையும் பெருக்கல் குறியையும் இந்த முன்பார்வையில்தான் எடுத்துவிட்டேன். எதையாவது சுட்ட வேண்டிய இடத்தில் ஒரு கை வரைந்து விரலால் சுட்டினேன், அல்லது பேசும்போது மூங்கில் குச்சியால் நானே தொட்டுக் காட்டினேன். படம் முடிந்ததும் அதைப் பார்க்காத மூன்று நான்கு பேரிடம், படிக்காதவர், வயதானவர், பள்ளிக்கூடப் பிள்ளை என்று கலந்து, ‘என்ன தெரியுது’ என்று மட்டும் கேட்பது நல்லது. ‘புரியுதா’ என்று கேட்டால் எல்லாரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள்.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் இலை

மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதி. நிஜத்தில் அந்தக் கரும்பச்சை வரியை இலையின் மேற்பக்கத்தில் தேடினால் எளிதில் கிடைக்காது. இலையைத் தூக்கி, அடிப்பக்கத்திலிருந்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். அப்போது சிறு நரம்புகள் புள்ளியும் கோடுமாக இருண்டு தெரியும், அவை நடு நரம்பைத் தொடும் இடத்தில் தூண்டில் முள் மாதிரி கீழே வளைந்திருக்கும். அந்த வளைவுதான் சந்தேகத்தைத் தீர்ப்பது. இலைப்புள்ளி நோயிலும் கோடுகள் உண்டு, ஆனால் அவை பழுப்பாகிக் கருகும், நரம்போடு வளைந்து இறங்காது.

ஆக, கற்றுத்தர வேண்டியது ஒரு படத்தை மட்டுமல்ல, கையால் செய்யும் ஒரு செயலையும். அதைத் துணியிலேயே செய்ய முடியுமா என்று யோசித்தேன். மெல்லிய காடாவை இலைத்துண்டு வடிவில் அரை மீட்டருக்கு வெட்டி, முன்பக்கம் இளம்பச்சைச் சாயத்தை நிறையத் தண்ணீர் விட்டு நீர்த்துப் பூசினேன். அப்படிப் பூசினால் துணி ஒளியை விடும். பின்பக்கம், கறுப்புத் துணிச்சாயத்தைத் தண்ணீர் கலக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பூச்சில், புள்ளியும் கோடுமாக வரைந்து, நடு நரம்பில் வளைவையும் போட்டேன். சாயம் முன்பக்கம் ஊறிவிடாமல் இருக்க இதற்கு மட்டும் மைதாப் பசையைக் கெட்டியாகத் தேய்த்தேன். சுற்றிலும் மூங்கில் சிம்பு கட்டிச் சட்டமாக்கினேன்.

தாழ்த்திப் பிடித்தால் வெறும் பச்சை இலை. பின்னால் வானம் இருக்கும்படி தலைக்கு மேலே தூக்கினால் கறுப்பு வரிகள் எழுந்து வருகின்றன. கூட்டத்தில் நான் முதலில் தாழ்த்திப் பிடித்து, “இதுல சீக்கு இருக்கா?” என்று கேட்டேன். ‘இல்ல’ என்றார்கள். தூக்கினேன். பிறகு அதை முன்வரிசைப் பெண் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் தூக்கிப் பார்த்துப் பக்கத்தாளிடம் கொடுக்க, கடைசி வரிசை வரை போய் வந்தது. நாற்பது பேரும் ஒரு தடவை கையைத் தூக்கி இலையை வெளிச்சத்தில் பார்த்தார்கள். நான்காவது தாளில் எவ்வளவு பேசினாலும் அது நடந்திருக்காது.

கறுப்பு வரியைப் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் கறுப்பைத் தேடக்கூடாதே என்பதற்காக, ஐந்து பேருக்கு ஒன்று என்று கெட்டி அட்டையில், நிஜ அளவில், நிஜ நிறத்தில், பச்சை மேல் கரும்பச்சையாக வரைந்த சிறு அட்டைகளும் கொடுத்தேன். நோய் வந்த நிஜ இலையைக் கொண்டுவரலாமா என்று தோட்டக்காரர் கேட்டார். நச்சுயிரி இலையைத் தொட்டோ, அரிவாள் வெட்டாலோ பரவாது, அசுவினியும் நோய்க்கன்றும்தான் பரப்பும். ஆனாலும் இலையில் ஓர் அசுவினி ஒட்டிக்கொண்டு சுத்தமான தோட்டத்துக்கு வந்தால் போதும், காரியம் கெட்டுவிடும். அதனால் நன்றாகத் துடைத்த ஒரு துண்டை மட்டும் கண்ணாடி பிளாஸ்டிக் பைக்குள் மூடி வைத்துக் காட்டினோம்.

நிறுத்தும் இடம், காற்று, நிழல்

சட்டம் எளிது. மூங்கில் முக்காலி, அதன் மேல் குறுக்கே ஒரு ஜோடி ரீப்பர். ஏழு துணியின் மேல் விளிம்பையும் இரண்டு ரீப்பருக்கு நடுவே வைத்து, மூன்று போல்ட்டும் விங் நட்டும் போட்டு இறுக்கினேன். ஒவ்வொரு துணியின் கீழ் விளிம்பிலும் மடித்துத் தைத்த குழலுக்குள் 6 மி.மீ. கம்பி, 90 சென்டிமீட்டருக்கு 200 கிராம் எடை. அது துணியைச் சுருக்கமில்லாமல் விழவைக்கும், பேசி முடித்த தாளை அந்தக் கம்பியைப் பிடித்துத் தூக்கிப் பின்னால் போட்டுவிடலாம். மேல் விளிம்பு ஏழடியில், கீழ் விளிம்பு மூன்றடியில் இருந்தது. தரையில் உட்கார்ந்திருப்பவர் தலை மறைக்காமல் இருக்க அந்த மூன்றடி வேண்டும்.

கம்பியின் எடை மட்டும் காற்றைத் தாங்காது. கிளை லேசாக அசையும் அளவுக் காற்று, நொடிக்கு ஐந்து மீட்டர் வேகம், ஒரு சதுர மீட்டர் துணியை இரண்டு கிலோ எடை போலத் தள்ளும். பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் காற்று அதைவிட வேகமாகவே வரும். பழைய சைக்கிள் டியூபை வளையங்களாக வெட்டி, துணியின் இரண்டு கீழ்முனையையும் முக்காலியின் காலோடு மாட்டினேன். ரப்பர் என்பதால் துணி கொஞ்சம் உப்பி, காற்றை விட்டு, திரும்பி வந்து நிற்கும். கயிற்றால் இறுக்கிக் கட்டினால் முழு விசையும் முக்காலிக்குப் போய் அதைச் சாய்த்துவிடும். முக்காலியின் நடுவில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு அங்கேயே கிடந்த கற்களைப் போட்டேன்.

இடம் பார்ப்பதில் இரண்டு விஷயம். படத்துக்குப் பின்னால் பள்ளத்தாக்கோ வானமோ இருந்தால் பார்ப்பதற்கு அழகாக இருக்கும், ஆனால் பின்னொளியில் துணி இருண்டு, அடுத்த தாளின் படமும் ஊடே தெரியும். களத்தின் ஒரு பக்கம் காப்பிக் கொட்டகையின் சுவர் இருந்தது, அதற்கு முன்னால் நிறுத்தினேன். ஏழு துணிக்கும் பின்னால் பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றையும் அதே போல்ட்டில் கோத்துவிட்டதால் ஊடே தெரிவது முழுக்க நின்றது. மக்களின் முதுகுப் பக்கம் காலை வெயில், படத்தின் மேல் நேர் வெளிச்சம். வெயில் பேசுகிறவர் முகத்தில் அடிக்கும். கூட்டத்தின் கண்ணுக்கு அது நிம்மதி.

இரண்டாவது, மரநிழல். சவுக்கு மரத்தடியில் எல்லாரும் உட்காரலாம் என்று தோட்டக்காரர் பாய் விரித்து வைத்திருந்தார். ஆட்கள் உட்கார அது நல்ல இடம்தான். ஆனால் படம் அங்கே நிற்கக்கூடாது. இலைகளினூடே விழும் வெயில் துணியின் மேல் திட்டுத்திட்டாக, புள்ளியும் கோடுமாக அசைந்துகொண்டே இருக்கும். நான் காட்டப்போகும் அறிகுறியும் புள்ளியும் கோடும்தான். எது வரைந்தது, எது நிழல் என்று கடைசி வரிசைக்குத் தெரியாது. முழு வெயில் அல்லது முழு நிழல், இரண்டில் ஒன்றுதான் இந்தப் படத்துக்கு ஆகும். ஆட்களை மரநிழலில் உட்காரவைத்து, படத்தை எதிரே வெயிலில் சுவரோரம் நிறுத்தினோம்.

களத்தில்

முதல் தாள் தார் தள்ளிய ஆரோக்கியமான விருப்பாச்சி மரம், இரண்டாவது முடிக்கொத்து மரம். இவற்றில் அதிகம் பேசவில்லை, ‘இந்த மரம் எங்கெங்கே பார்த்தீங்க’ என்று கேட்டுவிட்டு அவர்களைப் பேசவிட்டேன். மூன்று, நான்கு, தூக்கிப் பார்க்கும் இலை, ஐந்தாவது அசுவினி, ஆறாவது கிழங்கு. ஏழாவதில் வேலை வரிசை: முதலில் மரத்தில் இருக்கும் அசுவினியைக் கொல், பிறகு கிழங்கோடு பெயர்த்து, துண்டு துண்டாக நறுக்கு, நட நல்ல கன்று வாங்கு. வரிசை முக்கியம், ஏனென்றால் அசுவினி உயிரோடிருக்கும்போது மரத்தைச் சாய்த்தால் அது பட்டினியில் பக்கத்து வாழைக்குப் போய்விடும்.

நான் மறக்காமல் சொல்ல வேண்டியதை ஒவ்வொரு துணியின் ஓரத்திலும், நான் நிற்கும் பக்கம், பென்சிலில் நாலு சொல்லாக எழுதி வைத்திருந்தேன். அரை மீட்டரில் நிற்கும் எனக்கு அது தெரியும், கூட்டத்துக்குத் தெரியாது. தாளைப் புரட்டும்போது பேசுவதை நிறுத்தினேன். மைக் இல்லாத திறந்தவெளியில் முதுகைக் காட்டிச் சொன்ன சொல் முன்வரிசையைக்கூட எட்டாது.

“அரிவாளைக் கழுவணுமா?” என்று ஒருவர் கேட்டார், வேண்டியதில்லை என்றேன். “நல்ல கன்று எங்கே?” என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். தடியன்குடிசையில் இருக்கும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கச் சொன்னேன். நச்சுயிரி சோதனை செய்த திசுவளர்ப்புக் கன்று என்று கேட்டு வாங்க வேண்டும், திசுவளர்ப்பு என்ற பெயர் மட்டும் போதாது.

பேச்சு முடிந்ததும் எல்லாரும் களத்துக்குக் கீழே இருந்த வாழைக்குள் இறங்கினோம். ஒவ்வொருவரும் ஒரு மரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. படம் வேலை செய்ததா என்பதை அங்கேதான் பார்க்க முடியும், கையைத் தூக்குகிறார்களா இல்லையா என்று. பெரும்பாலோர் தூக்கினார்கள். இளைஞர் ஒருவர், பார்வைக்கு எந்தக் குறையுமில்லாத ஒரு மரத்தின் கடைசியாக விரிந்த இலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்து, “அண்ணே, இங்க வாங்க, கொக்கி இருக்கு” என்றார். நடு நரம்பில் வளைவு தெளிவாக இருந்தது. அந்த மரத்தின் கன்றுகளை அந்த வாரம் பெயர்த்து நடுவதாக இருந்ததாம்.

அசுவினியைத் தேடும்போது மட்டும் பலர் இலையின் மேல் தேடினார்கள், மட்டையின் அடியில் அல்ல. ஐந்தாவது தாளில் விரலும் புள்ளிக் கூட்டமும் இருக்கின்றன, மரத்தின் எந்த இடம் என்று காட்டும் படம் இல்லை. இலைக்கு மூன்றாவது தாள் இருப்பதுபோல இதற்கும் ஒன்று வேண்டும். ஆடலூர்க் கூட்டத்துக்கு எட்டாவது துணியாக அதை வரைந்துகொண்டிருக்கிறேன்: மரத்தின் அடிப்பகுதி, ஒரு கை மட்டையை விலக்குகிறது, கட்டைவிரல் மண்ணுக்கு ஒரு சாண் மேலே.